அவன், அவள், அது: ஒரே ஆண்டில் வந்த இரண்டு படங்கள்

2015 பொங்கலுக்கு ‘ஐ’ வெளியானது. அல்சூர் பக்கம் இருக்கும் ஒரு தியேட்டரில் முதல் வாரமே பார்த்தேன். அதே ஆண்டு செப்டம்பரில் ‘நானு அவனல்ல... அவளு’ என்ற கன்னடப் படம் வந்தது. அதற்கு டிக்கெட் எடுக்க வரிசையில் நிற்க வேண்டியிருக்கவில்லை. முதல் படத்துக்குப் பெங்களூர்த் தமிழர்கள் குடும்பத்தோடு போனார்கள். இரண்டாவதைப் பற்றி என் தெருவில் கேட்டவர்கள்கூடக் கிடையாது. ஆனால் தமிழில் எழுதப்பட்ட புத்தகத்திலிருந்து எடுக்கப்பட்டது அந்த இரண்டாவது படம்தான். தலைப்பைப் புரிந்துகொள்ளக்கூட நமக்குக் கன்னடம் தெரிய வேண்டாம்: நான் அவனல்ல, அவள்.

இரண்டு படங்களையும் ஒரே ஆள் இணைக்கிறார் என்பது எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது. திருநங்கை எழுத்தாளர் லிவிங் ஸ்மைல் வித்யா. 2007-ல் கிழக்கு பதிப்பகம் வெளியிட்ட ‘நான், வித்யா’ அவருடைய தன்வரலாறு. அதைத்தான் பி.எஸ்.லிங்கதேவரு கன்னடத்தில் படமாக்கினார். அதே வித்யாதான் ‘ஐ’ வந்ததும் இயக்குநர் ஷங்கருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். சென்னையில் திருநங்கைகள் தணிக்கை வாரிய அலுவலகத்தின் முன் கூடிப் போராடினார்கள். அந்த மார்ச் மாதமே, கன்னடப் படம் திரைக்கு வருவதற்கு முன்பே, வித்யாவாக நடித்ததற்காக சஞ்சாரி விஜய்க்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது அறிவிக்கப்பட்டது. அதாவது ஒரு மொழிப் படம் தன்னையொத்தவர்களைக் கேலி செய்கிறது என்று அவர் எழுதிய மூன்றே மாதத்துக்குள், இன்னொரு மொழிப் படம் அவர் கதைக்காக டெல்லியில் விருது வாங்குகிறது.

நான் சப்டைட்டில் எழுதுபவன். கன்னடத்துக்கும் தமிழுக்கும் இடையே மாற்றி மாற்றி எழுதியே பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டது. ஒரு படம் ஒருவரைக் கேலி செய்கிறதா, மதிக்கிறதா என்று யாராவது கேட்டால், கதையையோ ‘மெசேஜை’யோ வைத்து நான் பதில் சொல்வதில்லை. இரண்டே இடங்களைப் பார்ப்பேன். அவரைப் பற்றிப் பேசும் வினைச்சொல் எப்படி முடிகிறது என்பது ஒன்று. அவர் பேசி முடித்த உடனே கேமரா யார் முகத்துக்குப் போகிறது என்பது இன்னொன்று.

வினைச்சொல்லில் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் நம் மொழி இதில் விசித்திரமானது. ‘நான் வந்தேன்’ என்றால் சொல்பவர் ஆணா பெண்ணா என்று தெரியாது. ‘நீ வந்தாய்’ என்றாலும் தெரியாது. படர்க்கைக்கு வந்தவுடன் தமிழ் விடாது: வந்தான், வந்தாள், வந்தார், வந்தது. நாலில் ஒன்றைப் பிடித்தே ஆக வேண்டும். கன்னடத்திலும் இதே கதைதான். இந்தி இதற்கு நேர்மாறு. அங்கே ‘நான் போகிறேன்’ என்று சொல்லும்போதே பேசுகிறவரின் பால் வினையில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே மும்பையிலோ டெல்லியிலோ ஒரு திருநங்கை தன் வாயாலேயே, பெரும்பாலான வாக்கியங்களில், தான் பெண் என்று சொல்லிவிட முடியும். தமிழிலும் கன்னடத்திலும் அந்த வசதி கிடையாது. நான் யார் என்பதை அடுத்தவர் வாயிலிருந்துதான் கேட்க வேண்டும்.

அதனால்தான் நம் படங்களில் கேலி பெரும்பாலும் படர்க்கையில் உட்கார்ந்திருக்கிறது. ‘அது வருது பாரு’ என்று ஒரு துணைப் பாத்திரம் சொல்லும். அந்த ‘அது’வை வேறு மொழியில் எழுதும்போது நான் பலமுறை திணறியிருக்கிறேன். ‘அது’ என்றே எழுதினால் கேலி அப்படியே போய்ச் சேருகிறது. மாற்றி எழுதினால் வசனகர்த்தா செய்ததை நான் மறைத்துவிடுகிறேன். அப்படியே எழுதிவிடுவேன், பார்ப்பவருக்குத் தெரியட்டும் என்று. வித்யாவின் கதைக்குக் கன்னடத்தில் வைத்த தலைப்பு இந்தச் சிக்கலின் நடுவில் போய் நிற்கிறது. ‘நான்’ என்று ஆரம்பித்தவர், பிறர் தனக்குச் சூட்டிய படர்க்கையை மறுத்து, வேறொரு படர்க்கையைக் கேட்டு வாங்குகிறார்.

‘ஐ’ படத்தைக் காட்சியாகப் பிரித்துப் பார்க்கலாம். நாயகன் லிங்கேசன், ஆணழகன் போட்டிக்குத் தயாராகும் வடசென்னைப் பையன், விளம்பர மாடலாகிறான். அவனுக்கு ஒப்பனை செய்யும் ஸ்டைலிஸ்ட் ஒஸ்மா ஜாஸ்மின். அந்தப் பாத்திரத்தில் நடித்தவர் ஓஜாஸ் ரஜனி. உண்மை வாழ்விலும் அவர் ஒப்பனைக் கலைஞர், திருநங்கை. கதைப்படி ஒஸ்மா தன் துறையில் பெரிய ஆள். நாயகனை விடச் சம்பளமும் செல்வாக்கும் அதிகம் உள்ளவர். எழுத்தில் பார்த்தால் மரியாதையான பாத்திரம் என்றே தோன்றும்.

அவர் திரையில் வந்தவுடன் நடப்பதைப் பாருங்கள். நாயகனும் நண்பனாக வரும் சந்தானமும் ‘ஊரோரம் புளியமரம்’ என்று எடுத்துவிடுகிறார்கள். இந்தப் பாட்டின் பயணம் தனிக் கதை. ‘பருத்திவீரன்’ படத்தில் 2007-ல் வந்த நாட்டுப்புறப் பாட்டு அது. படம் ஓடிய பிறகு பஸ் ஸ்டாண்டிலும் காலேஜ் வாசலிலும் திருநங்கைகளைக் கண்டால் பையன்கள் பாடும் பாட்டாகிவிட்டது. சிவாஜிநகரில் எனக்குத் தெரிந்த ஒரு அக்கா இருக்கிறார், விழுப்புரம் பக்கத்திலிருந்து இங்கே வந்து இருபது வருடமாகிறது. “கடை கடையா காசு கேக்கப் போனா மூணு பேராவது அந்தப் பாட்டைப் பாடுவானுங்க தம்பி. கன்னடத்துக்காரப் பசங்ககூடக் கத்துக்கிட்டானுங்க” என்பார். சினிமா தெருவுக்குக் கொடுத்த கேலியை, எட்டு வருடம் கழித்து ‘ஐ’ தெருவிலிருந்து திரும்ப வாங்கிப் போட்டது. திரையில் நாயகன் பாடியதும் அந்தக் கேலிக்கு ஒரு சான்றிதழ் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது.

இனி கேமரா. ஒஸ்மா நாயகனைப் பார்க்கிறார், ஏதோ சொல்கிறார். கட். நாயகன் முகத்தில் அருவருப்பு. கட். நண்பனின் முகத்தில் சிரிப்பு. சினிமாக்காரர்கள் இதை ரியாக்‌ஷன் ஷாட் என்பார்கள். ஒரு நகைச்சுவைக் காட்சியில் எங்கே சிரிக்க வேண்டும் என்று பார்வையாளருக்குச் சொல்லிக் கொடுப்பது வசனத்தை விட இந்த ஷாட்தான். எடிட்டிங் மேசையில் சோதித்துப் பார்க்கலாம்: நண்பனின் சிரிப்பை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, ஒஸ்மா பேசி முடித்த பிறகும் அவர் முகத்திலேயே இரண்டு விநாடி இருந்தால், அதே வசனம் ஒரு பெண் ஒருவனிடம் தன் விருப்பத்தைச் சொல்லி, பதிலுக்குக் காத்திருக்கும் காட்சியாகிவிடும். பின்னணி இசையையும் மாற்ற வேண்டியிருக்கும். நம் படங்களில் இத்தகைய பாத்திரம் வந்தால் ‘டொய்ங்’ என்று ஒரு சத்தம் போடுவது பழைய வழக்கம். வசனத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம்.

ஒஸ்மாவின் முகத்துக்கு அந்த இரண்டு விநாடி கிடைக்கவேயில்லை. காதல் மறுக்கப்படுகிறது, அவர் வஞ்சம் கொள்கிறார், நாயகனின் உடலை உருக்குலைக்கும் கூட்டத்தில் சேர்ந்துவிடுகிறார்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். கூட்டத்தில் மொத்தம் ஐந்து பேர். தொழிலதிபர், போட்டி மாடல், டாக்டர், ஆணழகன் என்று மற்ற நாலு பேரும் ஆண்கள். அவர்கள் கெட்டவர்களாக இருப்பதை ஆண்களுக்கு எதிரான கேலி என்று யாரும் சொல்லவில்லையே, திருநங்கை மட்டும் வில்லியாகக் கூடாதா? தாராளமாக ஆகலாம். என் வருத்தம் அவர் வில்லியானதில் இல்லை. தண்டனையைப் பாருங்கள். படத்தின் இரண்டாம் பாதி முழுக்க, யாருக்கு எது பெருமையோ அதில்தான் அடி விழுகிறது. ஒஸ்மாவுக்கு விழும் அடி, உடம்பெல்லாம் ரோமம் முளைப்பது. மாடலுக்கும் ஆணழகனுக்கும் பறிபோவது அழகும் உடற்கட்டும். இவருக்குப் பறிபோவது, பெண்ணாக வாழ்வதற்காக அவர் இத்தனை காலம் தன் உடம்போடு போராடிப் பெற்றது. ரோமத்தை அகற்றுவது ஒரு திருநங்கைக்கு என்ன என்று தெரிந்தே இந்தத் தண்டனையைத் தேர்ந்திருக்கிறார்கள். ‘நீ அவள் இல்லை, அவன்தான்’ என்று படமே தீர்ப்பு எழுதுகிறது. தியேட்டரில் அதற்குத்தான் பெரிய சிரிப்பு எழுந்தது. எனக்குப் பக்கத்து வரிசையில் இருந்த சின்னப் பிள்ளைகள் உட்பட.

தணிக்கை இதையெல்லாம் எப்படி விட்டது என்று கேட்டவர்கள் உண்டு. அப்போது நடைமுறையில் இருந்தவை 1991-ல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்கள். பெண்களை இழிவுபடுத்தும் காட்சிகள் கூடாது, இன, மத அல்லது பிற குழுக்களை அவமதிக்கும் சொற்களும் காட்சிகளும் கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. திருநங்கைகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் வரி இல்லை. ‘பிற குழுக்கள்’ என்பதற்குள் அவர்களைச் சேர்த்துப் படிக்க யாருக்காவது தோன்ற வேண்டும். 2014 ஏப்ரலில், அதாவது படம் வருவதற்கு ஒன்பது மாதம் முன்பு, உச்ச நீதிமன்றம் தன் நால்சா தீர்ப்பில் திருநர்களின் பாலின அடையாளத்தை அங்கீகரித்து, அவர்கள் படும் அவமானத்தைப் பற்றி விரிவாகவே எழுதியிருந்தது. தீர்ப்பைப் படிக்கும் மேசையும் படம் பார்க்கும் மேசையும் வேறு வேறு போலிருக்கிறது.

கன்னடப் படத்துக்கு வருவோம். புத்தகத்தில் திருச்சிக்காரரான வித்யா, படத்தில் கர்நாடகக் கிராமத்து மாதேசனாகப் பிறந்து வித்யாவாகிறார். அக்காளின் உடையில் ஆடும் சிறுவன், பெங்களூருக்கு வந்து தன்னைப் போன்றவர்களைக் கண்டுகொள்வது, அங்கிருந்து புனே, ரயிலில் கையேந்துவது, பிறகு அறுவை. திருநங்கைகள் இதை ‘நிர்வாணம்’ என்பார்கள். வெட்டிக்கொள்வது, ஆபரேஷன் என்றெல்லாம் வெளியார் பேசுகிற விஷயத்துக்கு அவர்களுடைய சொல் இது. இந்தச் சொல்லைப் படம் அவர்கள் சொல்கிற பொருளிலேயே, விளக்கவுரை போடாமல், எடுத்துக்கொள்கிறது. குரு, அவரிடம் சிஷ்யையாகச் சேரும் சேலா என்ற உறவுமுறையும் அப்படித்தான். ஒரு குரு சேலாவைத் திட்டுகிறார், காசு கேட்கிறார், காய்ச்சல் வந்தால் கஞ்சி வைக்கிறார். நம் வீட்டு மாமியாரைப் பார்த்த மாதிரி இருக்கும்.

புத்தகத்தைப் படித்தவர்களுக்குத் தெரியும், வித்யா எங்கேயும் இரக்கம் கேட்டு எழுதவில்லை. மொழியியலில் முதுகலை படித்தவர். வேலை கிடைக்காமல் ரயிலில் கைநீட்டியபோது தன் படிப்பை நினைத்து வரும் எரிச்சலைக்கூட நக்கலாகவே எழுதுவார். அதாவது இந்தப் புத்தகத்தில் சிரிப்பு உண்டு. அவர் உலகத்தைப் பார்த்துச் சிரிக்கிறார். சிரிப்பு இருந்தாலே கேலி என்று முடிவு கட்டிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். சிவாஜிநகர் அக்காவின் வீட்டில் ஒரு மணி நேரம் இருந்தால் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டுத்தான் வர முடியும், பாதி என்னைப் பற்றிய நக்கலாகத்தான் இருக்கும். படத்தில் இந்த நக்கல் கொஞ்சம் குறைந்துபோய்விட்டது. வேதனை முன்னால் வந்துவிட்டது. விருதுக்குப் போகிற படங்களுக்கு இப்படி ஒரு வியாதி உண்டு. பரிதாபம் இருந்தால்தான் மரியாதை என்று நினைத்துக்கொள்கின்றன.

இன்னொரு முரணும் உண்டு. கேலி செய்த படத்தில் திருநங்கை பாத்திரத்தில் திருநங்கையே நடித்தார். மதித்த படத்தில் நடித்தவர் ஒரு ஆண். சஞ்சாரி விஜய் அந்தப் பாத்திரத்துக்காக உழைத்ததில் சந்தேகமே இல்லை. 2021-ல் இதே ஊரில் சாலை விபத்தில் அவர் இறந்தபோது திருநங்கைகளும் அழுததை நான் பார்த்தேன். ஆனாலும் ஒரு ஆண் நடிகர் புடவை கட்டி விருது வாங்கும்போது, பார்வையாளர் மனத்தில் ‘எவ்வளவு அருமையாக வேஷம் போட்டிருக்கிறார்’ என்ற எண்ணம் பதிகிறது. அந்தப் படத்துக்கு ஒப்பனைக்கும் தேசிய விருது கிடைத்தது, அது தகுதியானதுதான். ஆனால் திருநங்கை என்றாலே வேஷம் என்று ஏற்கெனவே நினைப்பவருக்கு இது துணை போகிறது. தமிழில் 2011-லேயே ‘நர்த்தகி’ படத்தில் கல்கி சுப்ரமணியம் நாயகியாக நடித்தார். பிறகு ‘பேரன்பு’வில் அஞ்சலி அமீர். அந்தப் படத்தில் மம்மூட்டியின் எதிரே அவர் உட்கார்ந்து பேசும் காட்சிகளில் ரியாக்‌ஷன் ஷாட்டுக்கு எங்கேயும் கேலிச் சிரிப்பு கிடையாது. பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும்.

தன்பாலீர்ப்பு கொண்ட ஆண்களுக்கு நம் சினிமா கொடுத்தது இதை விடச் சிக்கனம். வடிவேலு ஒரு காட்சியில் கேட்ட ‘அவனா நீ?’ போதும். இரண்டே சொல். வசவு கிடையாது, கெட்ட வார்த்தை கிடையாது, தணிக்கைக்குப் பிடிக்க ஒன்றுமே இல்லை. ஆனால் அந்த ‘அவன்’ எவன் என்று எல்லாருக்கும் தெரியும். இங்கே பெங்களூர் ஐ.டி. அலுவலகங்களில் தமிழ்ப் பையன்கள் ஒருவர் தோளில் இன்னொருவர் கை போட்டால்கூட இந்த வசனத்தின் மீம் வாட்ஸ்அப் குழுவில் வந்து விழும். இந்தியில் இதே வேலையை 2003-ல் ‘கல் ஹோ நா ஹோ’ செய்தது. ஷாருக் கானும் சைஃப் அலி கானும் எதேச்சையாக நெருங்கி நிற்கும்போதெல்லாம் வீட்டு வேலைக்கார அம்மா காந்தாபென் உள்ளே வந்து அதிர்ச்சியடைவார். இரண்டிலும் சிரிப்பின் இயந்திரம் ஒன்றுதான்: இவர்கள் ‘அப்படி’ கிடையாது என்று பார்வையாளருக்குத் தெரியும், பார்ப்பவர் தப்பாக நினைத்துக்கொள்கிறார். உண்மையிலேயே ‘அப்படி’ இருப்பவர் படத்தில் எங்குமே இல்லை. தன் பெயரால் ஊரே சிரிக்கும் வீட்டில் அவருக்கு இடம் மட்டும் இல்லை.

உண்மையிலேயே இருந்தால்? 2006-ல் ‘வேட்டையாடு விளையாடு’. இரண்டு கொலைகாரர்களின் நெருக்கத்தை அப்படிக் குறிப்பால் காட்டி, பயத்தைக் கூட்டியது. 2010-ல் ‘கோவா’ கொஞ்சம் நகர்ந்தது. சம்பத்தும் அரவிந்த் ஆகாஷும் அதில் ஒரு ஜோடி. நகைச்சுவைதான், ஆனால் அந்தச் சிரிப்பில் பொறாமை இருக்கிறது, ஊடல் இருக்கிறது, சமாதானம் இருக்கிறது. ஆண்-பெண் ஜோடியை வைத்து எழுதும் அதே மாதிரி நகைச்சுவை. தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377-வது பிரிவு அப்போது டெல்லி உயர் நீதிமன்றத் தீர்ப்பால் தளர்ந்திருந்தது, 2013-ல் மறுபடி இறுகி, 2018 செப்டம்பர் 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தில்தான் அவிழ்ந்தது. 2023-ல் மலையாளத்தில் ‘காதல் – தி கோர்’. நம்மவர்கள் இங்கே திரளாகப் பார்த்த படம். மம்மூட்டியின் மாத்யூ தேவஸியை ஊரே பேசுகிறது, ஆனால் கேமரா ஒருமுறைகூட ஊரோடு சேர்ந்து சிரிக்கவில்லை. அதில் எனக்கு இருக்கும் ஒரே மனக்குறை, மாத்யூவும் தங்கனும் ஒரு காட்சியிலாவது சாதாரணமாக உட்கார்ந்து டீ குடித்துப் பேசியிருக்கலாம் என்பதுதான். அவர்கள் காதல் முழுவதும் பார்வையிலும் மழையிலுமே முடிந்துவிடுகிறது.

இனி எனக்குப் பிடித்த படத்திலேயே எனக்குத் தொண்டையில் சிக்கிய இடம். ‘சூப்பர் டீலக்ஸ்’, 2019. விஜய் சேதுபதியின் ஷில்பா, பல வருடம் கழித்து மும்பையிலிருந்து வீடு திரும்புகிறாள். கணவனை எதிர்பார்த்து நிற்கும் மனைவி ஜோதி, அப்பாவை எதிர்பார்த்து நிற்கும் மகன் ராசுக்குட்டி. பையன் அவளைக் கடைசிவரை ‘அப்பா’ என்றே கூப்பிடுகிறான். நான் முன்னே சொன்ன வினைச்சொல் கணக்கை இந்த ஒரு சொல் உடைத்துவிடுகிறது. ஆண்பால் சொல்தான், ஆனால் அதைச் சொல்பவனுக்கு அவளை அவனாக்கும் எண்ணமே இல்லை. அவன் கேட்பது தகப்பனை, அது புடவையில் வந்தாலும் சரி. ஷில்பா பேசும்போது கேமரா ஷில்பாவிடமே இருக்கிறது. போலீஸ் ஸ்டேஷனில் அவளுக்கு நடக்கும் கொடுமையில்கூட, சிரிப்பவன் கேவலமானவன் என்று நமக்குத் தெரியும்படிதான் காட்சி அமைந்திருக்கிறது.

ஆனால் ஷில்பாவின் மும்பை வாழ்க்கையில் என்ன நடந்தது? குழந்தைகளைக் கடத்திப் பிச்சையெடுக்க வைக்கும் கும்பலுக்குத் தான் துணை போனதாக அவள் ஒப்புக்கொள்கிறாள். அந்தக் குற்றவுணர்வு அவளை அரிக்கிறது. கதைக்கு அது ஆழம் தருகிறது என்பதை மறுக்கவில்லை. இந்தக் குற்றத்தைத்தான் ஏன் தேர்ந்தார்கள் என்பதே என் கேள்வி. இதற்குப் பதில் எனக்குப் பெங்களூரில்தான் கிடைத்தது.

1871-ல் பிரிட்டிஷ் அரசு குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தபோது அதன் ஒரு பகுதி ‘அலிகள்’ பற்றியது. சிறுவர்களைக் கடத்துவதாகவோ விதையடிப்பதாகவோ சந்தேகிக்கப்படுபவர்களின் பெயர்களைப் பதிவேட்டில் வைக்கச் சொன்னது. அது பிற்பாடு போய்விட்டது. ஆனால் 2011-ல் கர்நாடகா தன் போலீஸ் சட்டத்தில் 36ஏ என்று ஒரு பிரிவைப் புதிதாகச் சேர்த்தது. அதன் வாசகம் 140 வருடப் பழைய வாசகத்தின் பேரப்பிள்ளை: பையன்களைக் கடத்துவதாகவோ விதையடிப்பதாகவோ சந்தேகிக்கப்படும் ‘அலிகளின்’ பெயரும் இருப்பிடமும் கொண்ட பதிவேடு. கணினித் தலைநகரில், ‘எந்திரன்’ வந்த மறு வருடம்! இங்கிருக்கும் அமைப்புகள் நீதிமன்றம் போன பிறகுதான் அந்தச் சொல் திருத்தப்பட்டது. சிவாஜிநகர் அக்கா அந்த நாட்களைப் பற்றிச் சொல்வார்: “பக்கத்து வூட்டுப் புள்ள அழுதா, நான் தூக்கிச் சமாதானம் பண்ணப் பயப்படுவேன். யார் பாத்தா என்ன சொல்லுவாளோ.”

ஆக, அந்தச் சந்தேகம் ஏட்டிலும் தெருவிலும் உயிரோடு இருக்கும்போது, தமிழில் வந்த மிக மரியாதையான திருநங்கை பாத்திரம் தன் வாயால் ‘ஆமாம், நான் பிள்ளைகளைக் கடத்திக் கொடுத்தேன்’ என்கிறது. கேமரா அன்பாக இருக்கிறது, இசை அன்பாக இருக்கிறது, விஜய் சேதுபதிக்குத் தேசிய விருது கிடைக்கிறது. அதே நேரம் 1871-ன் வதந்திக்கு ஒரு சாட்சியும் கிடைக்கிறது. படம் வந்தபோதே திருநர் சமூகத்தில் சிலர் இதைச் சொன்னார்கள். ரசிகர்கள் ‘கலையைக் கலையாகப் பாருங்கள்’ என்று அவர்கள் மேல் பாய்ந்தார்கள். நானும் அன்று அந்தப் பக்கம்தான் நின்றேன். அக்கா படத்தைப் பார்த்துவிட்டு வந்து “அந்தப் புள்ள நல்லா நடிச்சிருக்கான், ஆனா ஏன் தம்பி இந்தப் பழியையும் நம்ம தலையிலயே போட்டாங்க” என்று கேட்ட அன்றுதான் திரும்பிப் பார்த்தேன்.

இந்த ஒரு விஷயத்தில் 1995-ல் வந்த ‘பம்பாய்’ எனக்கு முந்தி நிற்கிறது. கலவரத்தில் தொலைந்துபோன இரட்டையரில் ஒரு பையனை ஒரு திருநங்கை தன்னிடத்தில் வைத்துக் காப்பாற்றுவார். சின்னப் பாத்திரம். பாட்டு கிடையாது, பின்கதை கிடையாது, சாகவும் மாட்டார். கும்பல் வரும்போது பிள்ளையை விட்டுக்கொடுக்காமல் நிற்பார், அவ்வளவுதான். கடத்துகிறார்கள் என்ற வதந்தியை ஒரு வசனம்கூடப் பேசாமல் அந்தக் காட்சி புரட்டிப் போடுகிறது. ‘காஞ்சனா’வில் சரத்குமாருக்குக் கிடைத்த கைதட்டலுக்கு ஒரு கொலையும் ஒரு பேயும் தேவைப்பட்டன.

பெங்களூருக்குத் தமிழ்த் திருநங்கைகள் வருவதும், வந்து எழுதுவதும் புதிதில்லை. நாமக்கல் பக்கத்திலிருந்து வந்த ஏ.ரேவதி இங்கே ஹமாம் என்று திருநங்கைகள் நடத்தும் குளியல் வீடுகளில் வாழ்ந்தவர், பிறகு பாலியல் சிறுபான்மையினருக்கான சங்கமா அமைப்பில் வேலை பார்த்தவர். அவர் தொகுத்த ‘உணர்வும் உருவமும்’ 2004-லேயே வந்துவிட்டது. வித்யாவின் புத்தகத்துக்கு மூன்று வருடம் முன்பு. இரண்டும் தமிழ். தேடினால் இன்றும் கிடைக்கும். திரைக்கதை எழுதும் தமிழ் உதவி இயக்குநர்கள் பலரை எனக்குத் தெரியும், ஆராய்ச்சிக்கு என்று திருநங்கைகளின் வீட்டுக்குப் போய் ஒரு மதியம் உட்கார்ந்துவிட்டு வருவார்கள். போகும்போது கேட்பது எப்போதும் நிர்வாணம் பற்றி, போலீஸ் பற்றி, காதல் தோல்வி பற்றி.

போன தீபாவளிக்கு அப்படி ஒருவரை நானே சிவாஜிநகருக்கு அழைத்துப் போனேன். அவர் கேட்பதையெல்லாம் கேட்டு முடித்தார். கிளம்பும்போது, “அக்கா, எங்க படத்துல உங்கள எப்படிக் காட்டுனா உங்களுக்குப் பிடிக்கும்?” என்றார். அக்கா கொஞ்சம் யோசித்தார். “ஒரு கல்யாண வூட்டு சீன் எடுப்பீங்கல்ல? பின்னாடி நாலு பொம்பளைங்க உக்காந்து பூ கட்டிக்கிட்டு இருப்பாங்க. அதுல ஒருத்தி நானா இருக்கணும். யாரும் என்னைத் திரும்பிப் பாக்கக் கூடாது” என்றார். உதவி இயக்குநர் நோட்டைத் திறந்து வைத்திருந்தார். அதில் எழுதிக்கொள்ள என்ன இருக்கிறது என்று தெரியாமல் பேனாவை மூடிவிட்டார்.